ஒன்லைன் ஹெல்மெட் விபரத்தில் எதை நம்பலாம், எதைக் கேட்டுப் பார்க்க வேண்டும்?

கேள்வி: அண்ணா, ஒன்லைனில் ஒரு முழுமுக ஹெல்மெட் பார்த்தேன். "DOT / ECE சான்றிதழ் பெற்றது, சைஸ் M முதல் XL வரை (57–62 செ.மீ.), ஏபிஎஸ் காபன் பைபர் ஓடு, 5 வருடத்துக்கு ஒருமுறை மாற்றவும்" என்று போட்டிருக்கிறார்கள். ஹட்டனிலிருந்து நுவரெலியாவுக்கு தினமும் பைக்கில் வேலைக்குப் போகிறேன். இந்த விபரத்தை நம்பி வாங்கலாமா?

தம்பி, இந்த நான்கு வரியை மட்டும் வைத்து வாங்காதீங்க. அது போலி என்று நான் சொல்லவில்லை. நல்ல ஹெல்மெட்டுக்கும் இதே நான்கு வரியைத்தான் போடுகிறார்கள், கழிவுச் சரக்குக்கும் இதையேதான் போடுகிறார்கள். ஆனால் நான்கு வரிக்கும் ஆதாரம் அந்த ஹெல்மெட்டின் உள்ளேயே எங்கோ ஓர் இடத்தில் ஒட்டியோ தைத்தோ இருக்கும். அதைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லிப் பார்த்தால் பாதி விஷயம் வெளியே வந்துவிடும். நான் பண்டாரவளையில் மோட்டார் சைக்கிள் உதிரிப்பாகக் கடை வைத்திருப்பவன், ஹெல்மெட்டும் விற்கிறேன். அதற்கு முன் கொழும்பில் ஓர் இறக்குமதியாளரிடம் வந்த சரக்கைப் பெட்டி பெட்டியாகப் பிரித்து லேபல் சரிபார்ப்பது என் வேலையாக இருந்தது. ஆய்வுகூடத்தில் ஹெல்மெட்டை உடைத்துப் பார்க்கும் பொறியியலாளர் இல்லை. அதனால் ஒரு படத்தைப் பார்த்து "இது உயிரைக் காக்கும்" என்று சொல்ல என்னால் முடியாது. "இது சொல்வது பொய்" என்று மட்டும் பல நேரம் சொல்ல முடியும்.

சான்றிதழை முதலில் எடுத்துக்கொள்வோம், ஏனென்றால் மற்ற மூன்றும் அதோடு ஒட்டியவை. DOT, ECE இரண்டையும் ஒரு கோட்டுக்குள் அடைத்து எழுதியிருந்தாலும், இரண்டும் ஒரே மாதிரியான சான்று இல்லை. DOT என்பது அமெரிக்காவின் தரம். அங்கே அரசு எந்த ஹெல்மெட்டையும் விற்பனைக்கு முன்னால் சோதித்து அனுமதி கொடுப்பதில்லை. "என் பொருள் இந்தத் தரத்துக்குப் பொருந்துகிறது" என்று தயாரிப்பாளரே பொறுப்பேற்று லேபல் ஒட்டுகிறார். பிறகு அரசு கடைகளிலிருந்து சிலவற்றை வாங்கிச் சோதித்து, தவறினால் நடவடிக்கை எடுக்கும். அமெரிக்காவில் அந்தப் பயம் வேலை செய்யும். அமெரிக்காவுக்கே போகாத, நேராக நம் சந்தைக்கு வருகிற ஹெல்மெட்டில் அந்த மூன்று எழுத்தை ஒட்டுவதற்கு யாரும் பயப்படத் தேவையில்லை. வெறும் DOT ஸ்டிக்கர் தனியாகவே விலைக்குக் கிடைக்கிறது. ஒழுங்கான லேபல் ஹெல்மெட்டின் பின்புறம் வெளியே இருக்கும். அதில் தயாரிப்பாளர் பெயரோ பிராண்டோ, மாடல், DOT, அதன் கீழே FMVSS No. 218, அதற்கும் கீழே CERTIFIED என்று வரவேண்டும். வெறும் மூன்று எழுத்து மட்டும் இருந்தாலோ, "DOT Approved" என்று எழுதியிருந்தாலோ சந்தேகப்படுங்கள். அனுமதி கொடுக்க அங்கே ஆளே இல்லை, பிறகு யார் அனுமதித்தது?

ECE வேறு வழி. இது ஐ.நா.வின் ஐரோப்பியப் பொருளாதார ஆணைக்குழுவின் 22ஆம் இலக்க ஒழுங்குவிதி. தயாரிப்பாளர் ஹெல்மெட்டுகளை அங்கீகாரம் பெற்ற ஆய்வுகூடத்துக்குக் கொடுத்து, அவை சோதனையில் தேறி, ஒரு நாட்டின் அதிகாரசபை அனுமதி இலக்கம் கொடுத்த பிறகுதான் விற்கலாம். அதற்குப் பின் தயாராகும் ஒவ்வொரு தொகுதியிலும் மாதிரி எடுத்துச் சோதிக்க வேண்டும். ஆகவே எனக்கு இந்த இரண்டில் ECE மேல்தான் நம்பிக்கை அதிகம், அந்த லேபல் உண்மையாக இருந்தால்.

அந்த லேபல் பெரும்பாலும் தாடைப்பட்டியில் தைத்திருக்கும் சிறு துணித் துண்டு. அதில் ஒரு வட்டம், வட்டத்துக்குள் E என்ற எழுத்தும் ஓர் எண்ணும் இருக்கும். அந்த எண் அனுமதி கொடுத்த நாட்டைக் குறிக்கும். E1 ஜெர்மனி, E2 பிரான்ஸ், E3 இத்தாலி, E4 நெதர்லாந்து, E9 ஸ்பெயின். E3 என்று பார்த்துவிட்டு "இத்தாலியில் செய்தது" என்று விற்பவர்களும் உண்டு, வாங்குபவர்களும் உண்டு. சீனாவில் செய்த ஹெல்மெட்டுக்கும் இத்தாலி அனுமதி கொடுக்கலாம், அதில் தப்பு எதுவும் இல்லை. வட்டத்துக்குக் கீழே அல்லது பக்கத்தில் ஒரு நீண்ட இலக்கம் வரும். அது 05 என்று தொடங்கினால் பழைய 22.05 பதிப்பு, 06 என்று தொடங்கினால் புதிய 22.06 பதிப்பு. அதன் பின்னால் ஒரு சாய்கோடும் ஓர் எழுத்தும் இருக்கும். P என்றால் தாடைப் பகுதியும் பாதுகாப்பாகச் சோதிக்கப்பட்டது. J என்றால் தாடைக்குக் காப்பு இல்லாத திறந்த வகை. NP என்றால் தாடையை மூடும் பகுதி இருக்கிறது, ஆனால் அது பாதுகாப்புக்கு உரியது அல்ல. நீங்கள் பார்த்தது முழுமுக ஹெல்மெட் என்கிறீர்கள். லேபலில் P இல்லாமல் வேறு எழுத்து வந்தால் அந்தத் தாடைப்பகுதி அலங்காரம் என்று வைத்துக்கொள்ளலாம். முன்பகுதியைத் தூக்கி மடிக்கும் வகைகளில் P/J என்று இரண்டும் சேர்ந்து வரலாம், அது நல்லதுதான்.

அதற்கும் பிறகு வருவது தொடர் இலக்கம். பெட்டி பிரிக்கும் வேலையில் எனக்கு அதிகம் உதவியது இதுதான். அனுமதி இலக்கம் ஒரே மாடலில் எல்லா ஹெல்மெட்டுக்கும் ஒன்றாகவே இருக்கலாம். தொடர் இலக்கம் ஒவ்வொன்றுக்கும் மாறியே ஆக வேண்டும். போலி லேபல் அடிப்பவர்கள் ஒரே அச்சில் ஆயிரக்கணக்கில் அடித்துத் தைத்துவிடுவார்கள். ஒரே பெட்டியிலிருந்து இரண்டை எடுத்துப் பட்டிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், கடைசி எண் வரைக்கும் அச்சுப் பிசகாமல் ஒன்றாக இருக்கும். கடையில் நேரில் வாங்கினால் தட்டிலிருந்து ஒரே மாடலில் இரண்டை எடுத்துக் கையில் வைத்துப் பாருங்கள். ஒன்லைனில் என்றால் இரண்டு ஹெல்மெட்டின் பட்டி லேபலை ஒரே படத்தில் கேளுங்கள். உண்மையான சரக்கு வைத்திருப்பவருக்கு இது ஒரு நிமிட வேலை.

நம் பக்கம் அதிகம் புழங்குவது இந்தியச் சரக்குதான். அதில் ISI முத்திரையும் IS 4151 என்ற தர இலக்கமும், அதோடு CM/L என்று தொடங்கும் உரிம இலக்கமும் இருக்கும். அந்த உரிம இலக்கத்தை இந்தியத் தர நிறுவனத்தின் BIS Care செயலியில் அடித்துப் பார்த்தால் எந்தத் தயாரிப்பாளருக்குக் கொடுத்தது என்று காட்டும். பெயர் பொருந்தவில்லை என்றால் முடிந்தது கதை. நம் நாட்டுத் தரம் SLS 517. நீங்கள் பார்த்த விபரத்தில் இந்த இரண்டும் இல்லை. தூர தேசத்து எழுத்துகளை வரிசையாகப் போட்டுவிட்டு உள்ளூர்த் தரத்தைப் பற்றி மூச்சே விடாத விபரத்தைப் பார்த்தால் நான் கொஞ்சம் நிதானிப்பேன்.

05, 06 வித்தியாசம் பெரியதா என்று அடுத்துக் கேட்பீர்கள். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். 22.05இல் ஹெல்மெட்டுக்குள் ஒரு தலை மாதிரியை வைத்து, செக்கனுக்கு 7.5 மீற்றர் வேகத்தில் இரும்புத் தளத்தில் மோத விடுவார்கள். கணக்குப் பார்த்தால் அது மணிக்கு 27 கிலோமீற்றர், அதாவது ஏறக்குறைய 2.9 மீற்றர் உயரத்திலிருந்து விழுகிற வேகம். கேட்பவர்கள் "இவ்வளவுதானா, நான் அறுபதில் போகிறேனே" என்பார்கள். நீங்கள் அறுபதில் போய் வழுக்கி விழும்போது உடம்பு தரையோடு அறுபதில் சறுக்கும். தலை தரையில் மேலிருந்து கீழே குத்தும் வேகம், தலை எவ்வளவு உயரத்திலிருந்து விழுந்தது என்பதைப் பொறுத்தது. ஆகவே 27 ஒன்றும் கேலிக்குரிய எண் அல்ல. ஆனால் எதிரே வரும் லொறியிலோ, மதகுச் சுவரிலோ நேராகத் தலை மோதினால் இந்தக் கணக்கு உதவாது. அப்படிப்பட்ட மோதலுக்கு எந்த ஹெல்மெட்டும் உத்தரவாதம் கொடுக்கவில்லை. சோதனையில் தட்டைத் தளத்தோடு, நடைபாதை ஓரக் கல் மாதிரியான முனையுள்ள ஒரு தளத்திலும் மோத விடுகிறார்கள். ஹட்டனிலிருந்து தலவாக்கலை, நானுஓயா வழியாகப் போகிற உங்களுக்கு அந்த முனை என்ன என்று சொல்லத் தேவையில்லை. வளைவுகளின் உள்பக்கமெல்லாம் கொங்கிரீட் கானின் விளிம்புதான்.

22.06இல் வந்த முக்கிய மாற்றங்கள் இரண்டு. ஒன்று, ஒரே வேகத்தில் மட்டும் மோதாமல் செக்கனுக்கு 6 மீற்றர் வேகத்திலும் 8.2 மீற்றர் வேகத்திலும் மோதிப் பார்க்கிறார்கள். மெதுவான மோதலையும் சேர்த்தது ஏன் என்றால், கடும் மோதலுக்காகவே மிகக் கெட்டியாகச் செய்த ஹெல்மெட்டின் உள் நுரை சிறு மோதலில் நசுங்காமல் அதிர்வை அப்படியே தலைக்குக் கொடுத்துவிடும். மற்றது, 45 பாகை சாய்ந்த தளத்தில் மோத விட்டுத் தலை எவ்வளவு திருகப்படுகிறது என்று அளக்கிறார்கள். பைக்கிலிருந்து விழுபவர் செங்குத்தாக விழுவது குறைவு, சாய்ந்துதான் விழுவார், மூளைக்குத் திருகலும் கெடுதி. ஆகவே இரண்டும் ஒரே விலைக்குக் கிடைத்தால் 06ஐ எடுங்கள். அதற்காக 05 எல்லாம் குப்பை என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். உங்கள் தலைக்குப் பொருந்தும் உண்மையான 05, பொருந்தாத 06ஐ விட மேல்.

பொருத்தம் என்றதும் சைஸ் வரிக்கு வருவோம். "M முதல் XL வரை, 57–62" என்பதை இரண்டு விதமாகப் படிக்கலாம். இந்த மாடல் M, L, XL என்று மூன்று தனித்தனி சைஸில் வருகிறது, நீங்கள் ஒன்றைத் தெரிந்தெடுக்கலாம் என்றால் பிரச்சினை இல்லை. வழக்கமான அட்டவணையில் M 57–58, L 59–60, XL 61–62 தான். ஆனால் இந்த மாதிரி விபரங்களில் பல, ஒரே ஹெல்மெட் இந்த எல்லாத் தலைக்கும் பொருந்தும் என்ற அர்த்தத்தில் போடப்படுகின்றன. ஓடர் செய்யும் இடத்தில் சைஸைத் தெரிவு செய்யக் கேட்கிறதா என்று பாருங்கள். கேட்கவில்லை என்றால் அது ஒரே சைஸ்தான். 62 சென்றிமீற்றர் தலைக்குச் செய்த நுரைக்குள் 57 தலையை வைத்து, மீதி இடத்தைத் துணி மெத்தையால் நிரப்பியிருப்பார்கள். அந்த மெத்தை சில மாதத்தில் அமுங்கிவிடும். அப்புறம் ஹெல்மெட் தலையில் ஆடும். ஆடுகிற ஹெல்மெட், விழும்போது முதல் தட்டிலேயே சுழன்று நெற்றியைத் திறந்து விட்டுவிடும்.

அளப்பதற்குத் தையல்காரர் நாடா போதும், இல்லாவிட்டால் ஒரு நூலும் அடிமட்டமும். புருவத்துக்கு மேலே ஓர் அங்குலம் விட்டு, காதுகளுக்கு மேலாக, பின் மண்டை அதிகம் புடைத்திருக்கும் இடத்தைச் சுற்றிக் கொண்டுவர வேண்டும். கொஞ்சம் மேலே கீழே மாற்றி இரண்டு மூன்று தடவை அளந்து, கூடிய அளவை எடுங்கள். உதாரணத்துக்கு 58.5 வருகிறது என்று வைப்போம். M-க்கும் L-க்கும் நடுவே. நம் ஆட்கள் இந்த இடத்தில் கண்ணை மூடிக்கொண்டு பெரியதை எடுப்பார்கள், "குளிருக்குக் குல்லா போட வேண்டும்" என்ற நியாயத்தோடு. நுவரெலியா காலைக் குளிர் எனக்கும் தெரியும். ஆனால் கம்பளிக் குல்லாவுக்கு மேல் போடுவதற்கென்று ஒரு சைஸ் கூட்டி வாங்கினால், குல்லா இல்லாத நாளில் ஹெல்மெட் தளர்வு, குல்லா இருக்கும் நாளில் அது தலையில் வழுக்கும். மெல்லிய துணியில் வருகிற, முகத்தையும் கழுத்தையும் மூடும் உறை ஒன்றை வாங்கி, அதோடு சேர்த்தே தலையை அளந்து, அதோடு சேர்த்தே போட்டுப் பாருங்கள். 58.5க்கு நான் முதலில் M-ஐத்தான் கையில் கொடுப்பேன். புது மெத்தை கொஞ்சக் காலத்தில் இளகும் என்பதால், ஆரம்பத்தில் கன்னத்தை அழுத்துவது சரி. நெற்றியில் ஒரே புள்ளியில் வலித்தால் சரியில்லை. அது சைஸ் பிரச்சினையாக இல்லாமல் தலையின் வடிவப் பிரச்சினையாகவும் இருக்கலாம். சிலருக்கு முன்பின்னாக நீண்ட தலை, சிலருக்கு உருண்டைத் தலை. அதை எந்த விபரமும் சொல்லாது, போட்டுத்தான் பார்க்க வேண்டும்.

வீட்டுக்கு வந்ததும் ஒரு பத்து பதினைந்து நிமிடம் போட்டுக்கொண்டே இருங்கள். பிறகு இரு கையாலும் ஹெல்மெட்டைப் பிடித்து இடம் வலமாகத் திருப்புங்கள். கன்னத் தோலும் நெற்றித் தோலும் கூடவே இழுபட வேண்டும். தோல் நிற்க, ஹெல்மெட் மட்டும் திரும்பினால் பெரியது. கடைசியாகத் தாடைப்பட்டியை மாட்டி இறுக்கிவிட்டு, பின்கழுத்துப் பக்கத்து விளிம்பில் கையை வைத்து மேல்நோக்கி முன்னால் தள்ளச் சொல்லி வீட்டில் ஒருவரிடம் கேளுங்கள். கழன்று முகத்துக்கு வந்தால் அந்த ஹெல்மெட்டுக்கு எந்தச் சான்றிதழ் இருந்தும் பயன் இல்லை. பின்னால் அக்காவோ மனைவியோ ஏறுவதாக இருந்தால் அவர்களுக்கும் இதே சோதனைதான். உயரக் கொண்டை போட்டுக்கொண்டு மாட்டினால் ஹெல்மெட் மேலேயே நின்றுவிடும். கழுத்தோடு தாழ்வாகப் பின்னிக்கொண்டு மாட்டிப் பார்க்கச் சொல்லுங்கள்.

"ஏபிஎஸ் காபன் பைபர்" என்ற மூன்றாவது வரிதான் எனக்கு அதிகம் உறுத்துகிறது. ஏபிஎஸ் என்பது அச்சுக்குள் உருக்கி ஊற்றிச் செய்யும் பிளாஸ்டிக். காபன் பைபர் என்பது நெய்த துணியைப் பிசினோடு அடுக்கி இறுக வைப்பது. செய்முறையே வேறு. ஒரே ஓடு இரண்டாகவும் இருக்க முடியாது. இந்த விபரத்தில் நடந்திருப்பது பெரும்பாலும் ஏபிஎஸ் ஓட்டுக்கு மேல் காபன் நெசவு போல் தெரியும் படலம் ஒட்டி, மேலே வார்னிஷ் அடித்ததுதான். கையில் வந்தால் கண்டுபிடிக்கலாம். கீழ் விளிம்பிலுள்ள இறப்பர் பட்டியை மெதுவாக விலக்கி ஓட்டின் வெட்டுமுனையைப் பாருங்கள். பிளாஸ்டிக் என்றால் ஒரே சீரான நிறத்தில் மழமழப்பாக இருக்கும். நார் ஓட்டில் அடுக்கும் இழையும் தெரியும். வளைவுகளில் நெசவுக் கட்டங்கள் இழுபட்டு நீண்டிருந்தாலும் அது படலம்தான்.

ஆனால் ஏபிஎஸ் என்பதற்காக ஹெல்மெட்டைத் தள்ளாதீர்கள். ஓட்டின் வேலை அடியை ஓர் இடத்தில் விடாமல் பரப்புவதும், கூரிய பொருளைத் தடுப்பதும், தரையில் சறுக்கிப் போவதும். அடியின் வேகத்தை வாங்கிக்கொண்டு தான் நசுங்குவது உள்ளேயுள்ள நுரை. டீவி பெட்டிக்குள் வருகிற அதே ரெஜிபோம் குடும்பம்தான், இது அடர்த்தி கூடியது. ஓடு ஏபிஎஸ் ஆனாலும் பொலிகாபனேட் ஆனாலும் பைபர்கிளாஸ் ஆனாலும் சோதனை எல்லாவற்றுக்கும் ஒன்றுதான். நார் ஓட்டைப் பாரம் குறைவாகச் செய்யலாம், விலை கூடும், அவ்வளவே. என் குறை அந்தப் பிளாஸ்டிக்கில் இல்லை. ஓடு என்ன என்பதிலேயே பொய் சொல்பவர், லேபலில் மட்டும் உண்மை சொல்வார் என்று நம்புவதற்கு என்ன காரணம்?

பிளாஸ்டிக் ஓடு வாங்கினால் ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். தின்னர், பெற்றோல், ஸ்பிரே பெயின்ட் எதுவும் படக்கூடாது. டவுனில் பெயர் எழுதித் தருகிறேன், சிங்கம் வரைந்து தருகிறேன் என்பார்கள். குறிப்பாகப் பொலிகாபனேட் ஓடு இந்தத் திரவங்கள் பட்டால் கண்ணுக்குத் தெரியாத மயிரிழை வெடிப்புகள் விட்டுப் பலவீனமாகும். வெளியே பளபளப்பு குறையாது, அதனால் யாருக்கும் தெரியாது. கழுவுவதற்கு இளஞ்சூட்டு நீரும் கொஞ்சம் சவர்க்காரமும் போதும்.

கடைசி வரி, 5 வருடம். இதில் உறுதியானது எது, வாதத்துக்குரியது எது என்று பிரித்துச் சொல்ல வேண்டும். உறுதியானது: தலையோடு சேர்ந்து ஒரு தடவை பலமாக மோதிய ஹெல்மெட்டை அன்றே மாற்ற வேண்டும், வாங்கி ஒரு வாரம் ஆகியிருந்தாலும் சரி. நுரை ஒருமுறை நசுங்கினால் பழைய தடிப்புக்கு முழுதாகத் திரும்பாது. வெளியில் ஒரு கீறல்கூட இல்லாமல் உள்ளே நசுங்கியிருக்கலாம். இதே காரணத்துக்காகப் பாவித்த ஹெல்மெட்டை விலைக்கு வாங்கக் கூடாது. சீற்றிலிருந்து வெறும் ஹெல்மெட் கீழே விழுந்தது என்றால் அது வேறு. உள்ளே தலையின் பாரம் இல்லாததால் நுரை பெரும்பாலும் தப்பிவிடும். மெத்தையைக் கழற்றி, நுரையில் வெடிப்போ குழியோ இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்தால் போதும்.

வாதத்துக்குரியது வயது. ஹெல்மெட்டுக்குத் தரம் வகுக்கும் அமெரிக்காவின் ஸ்னெல் அமைப்பு 5 வருடத்தில் மாற்றச் சொல்கிறது. பெரிய தயாரிப்பாளர்கள் சிலர், பாவிக்கத் தொடங்கி 5 வருடம் அல்லது செய்த நாளிலிருந்து 7 வருடம், எது முந்துகிறதோ அது என்கிறார்கள். ஆனால் பாவித்த பழைய சைக்கிள் ஹெல்மெட்டுகளின் நுரையை வெட்டிச் சோதித்து 2016இல் வெளியான ஓர் ஆய்வு, வயதானதால் மட்டும் நுரை பலம் இழக்கவில்லை என்று கண்டது. ஆக, ஐந்தாவது வருடம் முடிந்த மறுநாள் காலையில் ஹெல்மெட் திடீரென்று செத்துப்போவதில்லை. அதற்காக அந்த எண்ணைத் தூக்கி எறியவும் நான் சொல்லமாட்டேன். நுரையைத் தவிர மற்றதெல்லாம் பழசாகிறது. மெத்தை அமுங்கிச் சைஸ் பெரிதாகிறது, பட்டி நைந்து போகிறது, ஓட்டின் பிளாஸ்டிக்கை வெயில் தின்கிறது. தினமும் போகிற உங்களுக்கு 5 வருடம் நியாயமான எல்லை. ஞாயிற்றுக்கிழமை மட்டும் கோயிலுக்குப் போகிறவருக்கு அது கொஞ்சம் கண்டிப்பான எல்லை.

நம் பக்கத்து வாழ்க்கையில் வயதை விட வேகமாக ஹெல்மெட்டைக் கெடுப்பவை சில உண்டு. முதலாவது அடுப்பு. மழையில் நனைந்து வந்து, காலையில் காய வேண்டுமே என்று லயத்தில் விறகடுப்புக்கு மேலே கம்பியில் தொங்கவிடுவார்கள். அந்த நுரை கொதிநீர்ச் சூட்டுக்கு முன்பே இளகத் தொடங்கும். சூடு பட்ட ஹெல்மெட்டின் மெத்தையைக் கழற்றினால் நுரையின் மேற்பரப்பு சுருங்கி மினுமினுப்பதும், ஓட்டிலிருந்து விலகி நிற்பதும் தெரியும். அது கண்டால் வருடக் கணக்கே தேவையில்லை. மெத்தையை மட்டும் கழற்றி அடுப்படியில் காய வையுங்கள், ஓட்டைக் காற்றாட விடுங்கள். இரண்டாவது ஈரம். மாதக் கணக்கில் நனைந்து காயும் பட்டியில், அது ஓட்டோடு சேரும் ஆணியைப் பாருங்கள். துரு பிடித்து, அதைச் சுற்றிய துணி பழுப்பாகி இழை பிரிந்திருந்தால், 2 வருடமே ஆகியிருந்தாலும் மாற்ற வேண்டியதுதான். மூன்றாவது, பைக்கின் பக்கக் கண்ணாடியில் ஹெல்மெட்டைக் குப்புறக் கவிழ்ப்பது. கண்ணாடியின் முனை நாளாந்தம் ஒரே இடத்தில் குத்தி உச்சி நுரையில் குழி விழுந்துவிடும்.

5 வருடம் எப்போதிலிருந்து என்பதையும் விபரம் சொல்லவில்லை. செய்த மாதமும் வருடமும் ஹெல்மெட்டின் உள்ளே, பல நேரம் மெத்தைக்கு அடியில் ஒரு சிறு ஸ்டிக்கரில் இருக்கும். ஒரு கணக்குப் பார்ப்போம். ஹெல்மெட் 2021 ஜூனில் செய்தது. களஞ்சியத்தில் கிடந்து நீங்கள் 2024 ஜூனில் வாங்குகிறீர்கள். வாங்கிய நாளிலிருந்து 5 வருடம் என்றால் 2029 ஜூன். செய்த நாளிலிருந்து 7 வருடம் என்றால் 2028 ஜூன். முந்துவதுதான் கணக்கு என்பதால் உங்களுக்குக் கிடைப்பது 4 வருடம். பெரிய நட்டம் இல்லை, விலையில் கொஞ்சம் குறைத்துக் கேட்கலாம். இந்தத் திகதியை அனுமதி இலக்கத்தோடும் ஒப்பிட்டுப் பாருங்கள். 2024 தொடக்கத்துக்குப் பிறகு ஐரோப்பியச் சந்தைக்கென்று செய்பவை 06 ஆகத்தான் இருக்க வேண்டும். 2021இல் செய்தது 05 என்றால் இயல்பு. 2024 தொடக்கத்துக்குப் பிந்திய திகதியோடு 05 வந்தால் எந்தச் சந்தைக்குச் செய்தது என்று விற்பவரிடம் விளக்கம் கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது.

விபரத்தில் இல்லாத ஒன்றையும் கேட்டுவிடுங்கள், முன் கண்ணாடி. படத்தில் ஸ்டைலாக இருக்கிறது என்று கறுப்புக் கண்ணாடியோடு அனுப்பிவிடுவார்கள். காலை ஆறு மணிக்கு நானுஓயாப் பனிக்குள் அதோடு போனால் முன்னால் போகிற பஸ்ஸின் விளக்குக்கூடத் தெரியாது. தெளிந்த கண்ணாடி வேண்டும் என்று சொல்லுங்கள். அதன் உட்பக்கம் இரு ஓரத்திலும் முளை போன்ற சிறு குமிழ்கள் இருந்தால், மூச்சுப் படிந்து மங்காமலிருக்க இரண்டாவது படலம் ஒன்றை அதில் மாட்டலாம். நீங்கள் போகிற வழிக்கு காபன் படலத்தை விட அந்தக் குமிழ்கள் பிரயோசனம்.

இனி விற்பவருக்கு இப்படி எழுதுங்கள்: "தாடைப்பட்டி லேபல் இலக்கம் வாசிக்கக்கூடியதாக, ஒரே மாடலில் இரண்டு ஹெல்மெட்டுக்கு ஒரு படம். பின்புற DOT லேபல் ஒரு படம். உள்ளே உற்பத்தித் திகதி ஒரு படம். என் தலை 58.5, எந்த சைஸ் அனுப்புவீர்கள்? பொருந்தாவிட்டால் மாற்றித் தருவீர்களா?" படங்கள் வந்து மேலே சொன்னவற்றோடு பொருந்தினால், காபன் என்ற பேச்சுக்குக் காசு கொடுக்காமல் ஏபிஎஸ் ஹெல்மெட்டின் விலைக்குப் பேசி வாங்குங்கள். "ஒரிஜினல்தான் தம்பி, பயப்படாதீங்க" என்று மட்டும் பதில் வந்தால் விட்டுவிட்டு, ஹட்டன் டவுனில் போட்டுப் பார்க்க விடுகிற கடையாகப் பார்த்து நேரில் போங்கள். வீட்டில் செய்யச் சொன்ன அந்தப் பின்கழுத்துச் சோதனையை அங்கேயே செய்ய விடுகிறார்களா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.